பத்தாயிரம் பேரா, பத்தாயிரம் பார்சலா?

வீட்டுத் தயாரிப்புப் பொடி பாக்கெட் எதைத் திருப்பிப் பார்த்தாலும் '10,000+ மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்ற வரி கண்ணில் படுகிறது. எல்லோருக்கும் எப்படி அதே பத்தாயிரம் அமைந்தது என்பது எனக்குத் தீராத சந்தேகம். ஆனால் வாங்கப்போகிறவருக்கு அந்த எண் முக்கியம். இவ்வளவு பேர் வாங்கியிருந்தால் நாமும் வாங்கலாம் என்று முடிவெடுப்பது அதைப் பார்த்துத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈரோட்டில் ஒருவர் இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து கூரியரில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எக்செல் தாளில் 12,640 வரிகள். விளம்பரத்துக்கு '12,000+ வாடிக்கையாளர்கள்' என்று எழுதச் சொல்கிறார். தாளில் ஆர்டரின் நிலையைக் குறிக்கும் பத்தி F என்றால், இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIF(F:F,"Delivered")
```

விடை 10,780. மீதியில் 710 ரத்தானவை. 1,150 திரும்பி வந்தவை. பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் வியாபாரத்தில் கதவு பூட்டியிருக்கும், போனை எடுக்க மாட்டார்கள், பார்சல் அப்படியே திரும்பிவிடும். கூரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள், வண்டி லைசென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 10,780-லும் 80 பாக்கெட் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய மாதிரி. 140 உடைந்துபோனதற்குப் பதிலாக மறுபடி அனுப்பியவை, அதாவது ஒரே ஆர்டர் இரண்டு வரியில் உட்கார்ந்திருக்கிறது. கழித்தால் 10,560.

இந்த எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் மாதக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். தாளில் 'சேர்ந்தது' என்று நாமே குறித்ததும் அவர்கள் சேர்த்ததாகச் சொல்வதும் பல மாதங்களில் ஒத்துப்போகாது. கடைசி வாரத்தில் அனுப்பியவை திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், அவற்றை இப்போதே சேர்த்துக்கொள்ளக் கூடாது.

ஆர்டர்கள் 10,560 என்று தேறிவிட்டது. வாடிக்கையாளர்கள்? கைபேசி எண்ணை வைத்து ஒரே ஆளின் ஆர்டர்களைச் சேர்த்தால் 4,300 பேர்தான். இங்கேதான் வியாபாரிக்கு முகம் வாடும். என்னைக் கேட்டால் வாட வேண்டியதில்லை. அந்த 4,300 பேரில் இரண்டாம் முறையும் வாங்கியவர்கள் 1,900 என்று இருந்தால், பொடிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. சராசரியை மட்டும் நம்பக் கூடாது. ஒரே மெஸ்காரர் 600 தடவை வாங்கியிருக்கலாம்.

ஆக, எழுதத் தகுந்த வரி இது: '2025 மார்ச் வரை 10,500-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் வீடு சேர்ந்தன, 1,900 பேர் மறுபடியும் வாங்கினார்கள்.' எண்ணைக் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். 'மகிழ்ச்சியான' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண் சரியாக இருந்தும் வரி பொய்யாகலாம். குடிமைப் பணித் தேர்வில் இத்தனை பேர் எங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் செய்த பயிற்சி மையங்கள் சிலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. தேர்ச்சி பெற்றவர்களில் பலர் அங்கே நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலுக்கு மட்டும் வந்தவர்கள். அதை விளம்பரம் சொல்லவில்லை. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ஆண்டுக் கணக்கு இன்னொரு தலைவலி. '25 ஆண்டு அனுபவம்' என்று அச்சடித்த அட்டைப்பெட்டி அடுத்த வருடமே பழசு. '1998 முதல்' என்று போட்டால் பழசாகாது. ஆனால் 1998-க்கு ஆதாரம் வேண்டும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல்தான் வந்தது. அந்தச் சான்றிதழ் அதற்கு முந்தைய கதையைச் சொல்லாது. பழைய விற்பனை வரிப் பதிவு, கூட்டு வியாபாரப் பத்திரம், உள்ளாட்சி உரிமம் ஆகியவற்றில் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். நடுவில் ஐந்து வருடம் கடை மூடியிருந்தால் 'தொடர்ந்து' என்று எழுத முடியாது.

ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பலகையில் எழுதுவதன் சிரமம் மெக்டொனால்ட்ஸுக்குத் தெரியும். எத்தனை பர்கர் விற்றோம் என்று பல ஆண்டுகள் பலகையில் மாற்றிக்கொண்டே வந்தவர்கள், 1994 வாக்கில் 9,900 கோடியோடு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். நம் பொடிக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாறும் எண்ணை அச்சில் ஏற்றாமல், திருத்தக்கூடிய இடத்தில் மட்டும் வைத்தால் போதும். எண், அது எந்தத் தேதி வரை, யார் சரிபார்த்தார், எங்கெங்கே எழுதியிருக்கிறது என்று ஒரே தாளில் குறித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் கடை இருந்தால் இன்றைக்கே வாட்ஸ்அப் முகப்பையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண்தானா?