ஒரே இருப்பை இருவர் பார்த்தால்

2014 மார்ச் 2 அன்று ஃப்ளெக்ஸ்காயின் என்ற கனடா நாட்டு பிட்காயின் வங்கியிலிருந்து 896 பிட்காயின்கள் களவுபோயின. அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் டாலர். இழப்பைத் தாங்கும் வசதி இல்லையென்று அறிவித்துவிட்டு, அடுத்த சில நாட்களிலேயே அந்நிறுவனம் கடையை மூடியது.

திருடன் யாருடைய பாஸ்வேர்டையும் களவாடவில்லை. புதிதாக ஒரு கணக்கைத் திறந்தான், கொஞ்சம் காயின் போட்டான். பிறகு அந்த வங்கியின் கணக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் கோரிக்கையை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பினான். இருப்பு திருத்தி எழுதப்படுவதற்குள் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. அனுப்பிய கணக்கு பற்றாக்குறைக்குப் போனது, வாங்கிய கணக்கு வீங்கியது. அதையே பல கணக்குகளில் திரும்பத் திரும்பச் செய்து தொகையைப் பெருக்கி, கடைசியில் வெளியே எடுத்துக்கொண்டான். இது நிறுவனமே வெளியிட்ட விளக்கம்.

அந்த வங்கியின் நிரல் நம் கையில் இல்லை. ஆனால் இந்த வகைப் பிழை எப்படி நேரும் என்பது டேட்டாபேஸ் துறைக்குப் பழைய கதை. ஒரு கணக்கில் 100 இருக்கிறது. 80 அனுப்பச் சொல்லிக் கோரிக்கை வருகிறது. நிரல் முதலில் இருப்பைப் படிக்கும், 80-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் கழிக்கும். இதையே இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் செய்தால் என்ன ஆகும்? முதலாவது படிக்கிறது: 100. அது கழிப்பதற்கு முன்பே இரண்டாவதும் படிக்கிறது: 100. இரண்டுக்குமே ‘பணம் இருக்கிறது’ என்ற பதில்தான். இரண்டும் கழிக்கின்றன. இருப்பு கழித்தல் 60 ஆகிறது. எதிர்க்கணக்கில் 160 சேர்ந்துவிடுகிறது.

கழித்தல் 60 என்று தெரிவதாவது நல்லது, யாராவது ஒருநாள் கவனிப்பார்கள். நிரல் எழுதியவர் ‘இருப்பிலிருந்து 80-ஐக் கழி’ என்று டேட்டாபேஸிடம் சொல்லாமல், தானே கணக்கிட்டு ‘இருப்பை 20 என்று எழுது’ என்று சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இருவரும் 20 என்றே எழுதுவார்கள். ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதியது தடமே தெரியாது. இதற்கு லாஸ்ட் அப்டேட் என்று பெயர். கணக்கில் 20 ஒழுங்காக இருக்கும், மொத்தக் கூட்டல் மட்டும் உதைக்கும்.

இதைக் கேட்ட பலரும் உடனே கேட்பது: ‘டிரான்சாக்‌ஷன் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே?’ பல வேலைகளை ஒரே கட்டாகக் கட்டி, எல்லாம் நடக்கட்டும் அல்லது எதுவுமே நடக்க வேண்டாம் என்று டேட்டாபேஸிடம் ஒப்படைப்பதுதான் டிரான்சாக்‌ஷன். முடிந்தால் கமிட், இடையில் சிக்கினால் ரோல்பேக். ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றின் வேலையை மற்றொன்று எவ்வளவு பார்க்கலாம் என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில்தான் ஐசொலேஷன் லெவல். மேலே சொன்ன இரண்டு கோரிக்கைகளையும் முறையாக டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தாலும், சாதாரண அமைப்பில் முடிவு அதே கழித்தல் 60-தான்.

1992-இல் வந்த எஸ்க்யூஎல் தரநிலை இதற்கு நான்கு படிகளை வகுத்தது. அடிப்படியான ரீட் அன்கமிட்டெடில், இன்னொருவர் கமிட் செய்யாத மாற்றத்தையும் படிக்கலாம். அவர் ரோல்பேக் செய்துவிட்டால், நடக்கவே நடக்காத ஒன்றை நம்பி நாம் முடிவெடுத்திருப்போம். இதுதான் டர்ட்டி ரீட். அடுத்த படியான ரீட் கமிட்டெட் அதைத் தடுக்கிறது. ஆனால் ஒரே வரிசையை இரண்டு முறை படித்தால் இரண்டு விடை வரலாம். ரிப்பீட்டபிள் ரீட் அதையும் தடுக்கிறது. தேடலுக்குப் பொருந்தும் புது வரிசைகள் இடையில் முளைக்கும் ‘பேன்டம்’ மட்டும் அங்கே பாக்கி. உச்சிப் படியான சீரியலைசபிளில், டிரான்சாக்‌ஷன்கள் ஒன்று முடிந்து ஒன்று ஓடினால் என்ன முடிவு வருமோ அதுவே வரவேண்டும்.

பாடப்புத்தகங்களில் டர்ட்டி ரீட்தான் முதல் வில்லன். நடைமுறையில் அது அவ்வளவு பெரிய ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸில் ரீட் அன்கமிட்டெட் கேட்டாலும் ரீட் கமிட்டெட்தான் கிடைக்கும். டர்ட்டி ரீடுக்கு அங்கே வழியே கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரில் வேகத்துக்காக `NOLOCK` என்று போட்டு அதை வலிய வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கமிட் ஆகாத தரவு வருவதோடு, சில வரிசைகள் விட்டுப்போவதும் இரண்டு முறை வருவதும்கூட நடக்கும். மற்றபடி, பணத்தைத் தின்னும் பிழைகள் டர்ட்டி ரீட் தடுக்கப்பட்ட பிறகுதான் தொடங்குகின்றன. ஃப்ளெக்ஸ்காயின் வகைக் கணக்கைப் பாருங்கள்: இரண்டு கோரிக்கைகளும் படித்த 100, முறையாகக் கமிட் ஆன 100. அழுக்கு எதுவும் இல்லை. படித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் உலகம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றுமே, எதையும் மாற்றாமல் விட்டால், ரீட் கமிட்டெடில்தான் ஓடும். அந்தப் படியிலேயே மேற்கண்ட ஓட்டையை அடைக்கும் வழி உண்டு: சரிபார்ப்பதையும் கழிப்பதையும் பிரிக்காமல் ஒரே கட்டளையில் வைப்பது.

```
UPDATE accounts SET balance = balance - 80
WHERE id = 7 AND balance >= 80;
```

போஸ்ட்கிரெஸில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, இரண்டிலும் `BEGIN;` போட்டுவிட்டு இதை ஓட்டிப் பார்க்கலாம். முதல் ஜன்னல் `UPDATE 1` என்கிறது. இரண்டாவது ஜன்னல் எந்தப் பதிலும் சொல்லாமல் அப்படியே நிற்கும். வரிசையின் மேல் முதல் ஜன்னலின் லாக் இருக்கிறது. முதல் ஜன்னலில் `COMMIT;` அடித்த மறுகணம் இரண்டாவதுக்கு உயிர் வருகிறது. காத்திருந்த கட்டளை, புதிய இருப்பான 20-ஐ வைத்து நிபந்தனையை மறுபடி சோதிக்கிறது. 20, 80-க்குக் குறைவு. `UPDATE 0` என்று பதில் வருகிறது. நிரல் அந்தச் சுழியத்தைக் கவனித்து ‘பணம் போதவில்லை’ என்று சொன்னால் போதும். கவனிக்காமல் எதிர்க்கணக்கில் 80 வரவு வைத்தால், அது வேறு வழியில் அதே திருட்டு. இருப்பை முதலில் படித்தே தீரவேண்டும் என்றால், படிக்கும்போதே `SELECT ... FOR UPDATE` என்று கேட்டு லாக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா விதிகளும் ஒரே வரிசைக்குள் அடங்குவதில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்குகள், ஒவ்வொன்றிலும் 100. ஒன்று பற்றாக்குறைக்குப் போகலாம், இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது வங்கியின் விதி என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் முதல் கணக்கிலிருந்து 150, இரண்டாவதிலிருந்து 150 எடுக்கக் கோரிக்கை வருகிறது. இரண்டுமே கூட்டிப் பார்க்கின்றன: 200. 150 எடுத்தாலும் 50 மிஞ்சும், சரி. ஒன்று முதல் கணக்கை மாற்றுகிறது, மற்றது இரண்டாவதை. ஒரே வரிசையில் இருவரும் கைவைக்காததால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டும் கமிட் ஆகின்றன. கூட்டுத்தொகை கழித்தல் 100.

இதற்கு ரைட் ஸ்கியூ என்று பெயர். 1992 தரநிலையின் பிழைப் பட்டியலில் இது கிடையாது. 1995-இல் ஜிம் கிரே, ஃபில் பெர்ன்ஸ்டைன் முதலிய ஆறு பேர் எழுதிய விமர்சனக் கட்டுரைதான் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தரநிலையின் வரையறைகள் மங்கலானவை என்று காட்டியதோடு, ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன் என்ற இன்னொரு முறையையும் அவர்கள் வரையறுத்தார்கள். டிரான்சாக்‌ஷன் தொடங்கும்போது டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ, கடைசிவரை அதே காட்சிதான் தெரியும். டர்ட்டி ரீட் வராது, இரண்டு முறை படித்தால் விடை மாறாது. ரைட் ஸ்கியூ மட்டும் வரும்.

பெயர்க் குழப்பம் இங்கேதான் ஆபத்தாகிறது. ஆரக்கிளில் சீரியலைசபிள் என்று கேட்டால் கிடைப்பது இந்த ஸ்னாப்ஷாட் முறைதான். இரண்டு கணக்குத் திருட்டு அங்கே நடக்கும். போஸ்ட்கிரெஸிலும் 2011 வரை அதே கதைதான். ரிப்பீட்டபிள் ரீட் என்ற பெயரும் இடத்துக்கு இடம் வேறு. போஸ்ட்கிரெஸில் அந்தப் படியில் இருவர் ஒரே வரிசையை மாற்றப் போனால், முதலாமவர் கமிட் செய்ததும் இரண்டாமவருக்குப் பிழைச்செய்தி வரும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட்தான் இயல்பான படி; ஆனால் அங்கே இரண்டாமவரின் கட்டளை சத்தமில்லாமல் நிறைவேறிவிடும். ‘20 என்று எழுது’ என்ற நிரல் ஓரிடத்தில் பிடிபடும், இன்னோரிடத்தில் பிடிபடாது.

சிட்னி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கேஹில், உவே ரோம், ஆலன் ஃபெகெட்டே மூவரும் 2008-இல் ஒரு வழி சொன்னார்கள். ஸ்னாப்ஷாட் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, யார் எதைப் படித்தார்கள், அதை யார் மாற்றினார்கள் என்ற குறிப்பை டேட்டாபேஸ் வைத்திருக்கும். ஆபத்தான பின்னல் உருவானால் ஒரு டிரான்சாக்‌ஷனை வெட்டிவிடும். 2011-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.1 இதை ஏற்றுக்கொண்டது. இன்று அதில் இரண்டு ஜன்னல்களிலும் `BEGIN ISOLATION LEVEL SERIALIZABLE;` என்று தொடங்கி, மேற்படி 150-களை எடுத்துப் பாருங்கள். ஒன்று கமிட் ஆகும். மற்றதற்கு 40001 என்ற எண்ணுள்ள பிழை வரும்.

அந்தப் பிழை வந்தால் நிரல் டிரான்சாக்‌ஷனைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டவேண்டும். சீரியலைசபிளின் விலை இதுதான். நெரிசல் கூடினால் வெட்டுப்படுவதும் கூடும். சில சமயம் தவறே செய்யாத டிரான்சாக்‌ஷனும் சந்தேகத்தின் பேரில் வெட்டுப்படும். டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே மின்னஞ்சல் அனுப்பும் நிரலாக இருந்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு அஞ்சல் போகும். அந்த வேலையைக் கமிட்டுக்குப் பிறகு வைப்பதே முறை.

இத்தனைக்கும், படியைத் தவறாகத் தேர்ந்ததால் வரும் ஓட்டைகளைவிட, டிரான்சாக்‌ஷனே போடாததால் வரும் ஓட்டைகள்தான் அதிகம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டின் டாட் வார்ஸ்ஸாவ்ஸ்கியும் பீட்டர் பெய்லிஸும் 12 இணையக் கடை மென்பொருள்களை ஆராய்ந்து, கிஃப்ட் கார்டை மிஞ்சிச் செலவழிப்பது போன்ற 22 தாக்குதல் வழிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, படிப்பதும் எழுதுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இல்லாததால் வந்தவை. ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்திச் சோதித்தால் இந்தப் பிழை எதுவும் தலைகாட்டாது. இருவர் ஒரே கணத்தில் அழுத்த வேண்டும்.

பணமோ, இருக்கையோ, கூப்பனோ விற்கும் தளம் வைத்திருப்பவர்கள், அதை எழுதிக்கொடுத்தவரிடம் ஒரு சோதனை கேட்கலாம்: ஒரே கூப்பனை ஒரே நேரத்தில் ஐம்பது கோரிக்கைகளாக அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் நிறைவேறினால் தளத்தைத் திறக்காதீர்கள்.