அண்ணப் பிளவுள்ள குழந்தைக்குப் பாலூட்டுவது எப்படி?



நமது மஹல்லாவில் உதடும் மேலண்ணமும் பிளந்த நிலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 2.6 கிலோ. பன்னிரண்டாம் நாள் நாங்கள் பார்க்கப் போனபோது 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. உம்மா ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மார்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளை களைத்துத் தூங்கிவிடுகிறது. பால் குடித்துத் தூங்குவதாக வீட்டார் எண்ணிவிட்டார்கள்.

உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தாயிடமே குடிக்க முடியும். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் காற்று புகுந்துவிடுவதால் உறிஞ்சும் இழுவை உண்டாகாது. தாய்க்குப் பால் குறைவு என்று இதற்குப் பொருளில்லை. அந்தப் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுத்தால் போதும்.

பாலாடையைக் கழுவிக் கொதிக்க வையுங்கள். குழந்தையை மடியில் நிமிர்த்திச் சாய்த்து, தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ளுங்கள். பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில், கீழுதட்டின் மேல் வைத்து, சிறிது சிறிதாகச் சாயுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த வாய். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடரலாம். காற்று அதிகம் விழுங்குவதால் இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் குடித்த சத்து குடிக்கிற உழைப்பிலேயே செலவாகிவிடும்.

அளவு, கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. பிறந்த எடை 2.6 கிலோ என்பதால் இந்தப் பிள்ளைக்கு 390 மில்லி. மூன்று மணிக்கு ஒருமுறை என எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறத்தாழ 50 மில்லி. டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னபடி இப்படிக் கொடுத்ததில் ஒரு வாரத்தில் 200 கிராம் கூடியது, அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போவதும், வாராவாரம் எடை ஏறுவதும்தான் வயிறு நிறைவதற்கு அடையாளம். இருமித் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. அந்த வீட்டில் அகீகாவையே தள்ளிப்போட்டிருந்தார்கள். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்று உம்மம்மா சொல்ல, உம்மா தன்னையே நொந்துகொண்டிருந்தார். கிரகணம் காரணமல்ல, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் முகம் கூடிவரும்போது இணைய வேண்டியது இணையாமல் போவதே பிளவு. முதலில் உம்மா சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு இதைச் சொல்லுங்கள். பாலாடையை நீங்கள் பிடித்துக் காட்டுவது ஒருமுறை போதும். மறுமுறை அவர் கையால் ஊட்டட்டும். தன் கையால் வயிறு நிறைவதைப் பார்த்த பிறகுதான் அந்த உம்மாவின் அழுகை நின்றது.

உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்துக்கு ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் பொதுவாக அறுவை செய்வார்கள். எடை போதாவிட்டால் தள்ளிப்போகும். அரசுத் திட்டத்தில் செலவில்லாமல் செய்துகொள்ள வழியுண்டு. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் நாங்கள் கூட வருகிறோம்.