கிழக்கைப் பார்த்தாலும் மேற்கு காட்டிய போன்

விடியற்காலை நாலரை மணிக்கு மதுரை ஸ்டேஷனில் இறங்கினேன். மேலமாசி வீதியில் ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டும். வாசலைத் தாண்டி வெளியே வந்தால் முகம் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். மேப்பில் நீலப் புள்ளியும் ஸ்டேஷன் வாசலிலேயே சரியாக நின்றது. ஆனால் அதிலிருந்து டார்ச் வெளிச்சம்போல் விரியும் கூம்பு, எனக்குப் பின்னால் தண்டவாளத்தைக் காட்டியது. திரும்பி நின்றேன். அப்போதும் மேற்கு. வடக்கே திரும்பினால் வடமேற்கு, தெற்கே திரும்பினால் தென்மேற்கு. கடைசியில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "நேரா டவுன்ஹால் ரோட்டுல போங்க தம்பி, மாசி வீதி குறுக்க வரும்" என்றார்.

புள்ளி சரியாக இருக்க, திசை மட்டும் எப்படித் தப்பும்? இரண்டும் வேறு வேறு கருவிகளின் வேலை. நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. ஒரே இடத்தில் நிற்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்வது போனுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு காந்த உணரி. பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து அது வடக்கைக் கண்டுபிடிக்கிறது.

அந்த இழுப்பு மிக மெலிது. நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் அது கிட்டத்தட்டத் தரையோடு படுத்தாற்போல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே அருகில் போவதுதான் காரணம். தும்பாவை ராக்கெட் ஏவும் தளமாகத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான்.

என் போனில் புத்தகம்போல் திறந்து மூடும் கவர் போட்டிருந்தேன். மூடினால் ஒட்டிக்கொள்வதற்காக அதன் தாழ்ப்பாளில் ஒரு காந்தப் பொட்டு உண்டு. கவரைப் பின்பக்கம் மடித்துப் பிடித்தால், அந்தப் பொட்டு உணரிக்கு வெகு அருகில் வந்துவிடும்.

லாட்ஜ் அறையில் உணரியின் அளவைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்து பார்த்தேன். கவர் இல்லாமல் எந்தப் பக்கம் திரும்பினாலும் 40ஐ ஒட்டியே இருந்தது. கவரை மாட்டிச் சுற்றியபோது ஒரு பக்கம் 100, எதிர்ப்பக்கம் 20. அப்படியென்றால் பொட்டின் இழுப்பு சுமார் 60, அதுவும் போனின் வலப்பக்கமாக. நான் கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு என் இடப்பக்கம். இடப்பக்கம் பூமி 40 இழுக்க, வலப்பக்கம் பொட்டு 60 இழுக்கிறது. மிச்சம் 20 வலப்பக்கம். வடக்கு வலப்பக்கம் இருப்பதாகப் போன் நம்பிவிடுகிறது. வடக்கு வலப்பக்கம் என்றால் முகம் மேற்கில்தானே இருக்க வேண்டும்! மேற்கே திரும்பினால் இரண்டு இழுப்பும் ஒரே பக்கம் சேர்ந்து 100 ஆகிறது. அப்போது காட்டும் மேற்கு உண்மையான மேற்கு. பொட்டு பூமியைவிட பலமாக இருந்ததால், நான் முழு வட்டம் சுற்றியும் முள் மேற்குப் பாதியை விட்டு நகரவே இல்லை.

காந்தத் தொல்லையைக் கண்டுபிடிக்க இதுவே நல்ல சோதனை. திசைகாட்டியைத் திறந்து, நின்ற இடத்திலேயே கால் கால் வட்டமாக நான்கு முறை திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் 90 டிகிரி மாற வேண்டும். ஒரு திருப்பத்துக்கு 30, இன்னொன்றுக்கு 150 என்று வந்தால் பக்கத்தில் ஏதோ காந்தமோ இரும்போ இருக்கிறது. கவரையும், கார் ஸ்டாண்டுக்காக ஒட்டிய இரும்புத் தகட்டையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். லிஃப்ட், இரும்புக் கதவு, வண்டி இவற்றை விட்டுத் தள்ளி நிற்பதும் அவசியம்.

காற்றில் போனை எட்டு வடிவத்தில் ஆட்டச் சொல்வது ஏன் என்பதும் இங்கே புரியும். கூகுள் மேப்பில் நீலப் புள்ளியைத் தொட்டால் வரும் Calibrate அதைத்தான் கேட்கிறது. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டும்போது போன் எல்லாத் திசைக்கும் புரள்கிறது. பூமி மட்டும் இழுத்தால், எடுத்த அளவுகள் எல்லாம் ஒரு பந்தின் தோல்மேல் வைத்த புள்ளிகள்போல் அமையும். பந்தின் நடு பூஜ்யத்தில் இருக்கும். போனோடு சேர்ந்தே புரளும் காந்தம் இருந்தால் பந்து முழுசாக ஒரு பக்கம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, போன் அதைக் கழித்துக்கொள்கிறது.

ஆனால் காந்தம் அசையாமல் இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு செல்லும். போனோடு நிலையாக ஒட்டிய காந்த வளையத்தைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். என் கவரின் பொட்டோ, மூடினால் ஓரிடம், மடித்தால் வேறிடம். ரயிலில் மூடியபடி கிடந்த போனின் கணக்கு, வாசலில் மடித்துப் பிடித்ததுமே பொய்யாகிவிட்டது. கவரைக் கழற்றினாலும் இதே கதைதான். பழைய கழித்தல் உள்ளே தங்கியிருக்கும் என்பதால் மறுபடி ஒருமுறை எட்டுப் போட வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லாவிட்டால் கூம்பைப் பார்க்காதீர்கள். திறந்த வெளியில் இருபது முப்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். ஜிபிஎஸ்ஸை அந்தக் காந்தப் பொட்டு ஒன்றும் செய்யாது.