கட்டுரைப் பக்கம் எங்கே, எப்போது தயாராகிறது?

2011 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. காக்கர், லைஃப்ஹாக்கர், கிஸ்மோடோ எனப் பல இணைய இதழ்களை நடத்திவந்த அமெரிக்காவின் காக்கர் மீடியா தளங்களைத் திறந்தவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான் வந்தது. கட்டுரைகள் அழிந்துவிடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஏறாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் புதிய வடிவமைப்பில் கட்டுரையைத் திரைக்குக் கொண்டுவரும் வேலை முழுவதும் அந்த நிரலிடமே விடப்பட்டிருந்தது.

அப்போதைய லைஃப்ஹாக்கர் கட்டுரை ஒன்றின் முகவரி `lifehacker.com/#!5753509/...` என்று இருக்கும். முகவரியில் # குறிக்குப் பின்னால் உள்ளதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே எந்தக் கட்டுரையைக் கேட்டாலும் சர்வருக்குத் தெரிவது, யாரோ முகப்புப் பக்கத்தைக் கேட்கிறார் என்பது மட்டுமே. அது ஒரு காலிக் கூட்டை அனுப்பும். பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து, # குறிக்குப் பின்னால் உள்ள எண்ணைப் படித்து, கட்டுரையைத் தனியாகக் கேட்டு வாங்கி, பக்கத்தைக் கட்டும். இப்படிப் படிப்பவரின் கருவியிலேயே பக்கம் உருவாவதைத்தான் கிளையண்ட் ரெண்டரிங் என்கிறார்கள்.

இன்றைய தளங்களில் அந்த # முகவரி பெரும்பாலும் இல்லை. காலிக் கூடு மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மொபைலிலிருந்து சர்வருக்கு ஒரு தகவல் போய்வர 200 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு நடை, இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்புச் சாவி பரிமாற ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. நான்கு நடைகளில், அதாவது 0.8 நொடியில், சர்வர் அனுப்பும் பக்கம் வரத் தொடங்கிவிடும். கிளையண்ட் ரெண்டரிங்கில் அந்த நேரத்தில் வந்திருப்பது கூடு மட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கு இன்னொரு நடை வேண்டும். கட்டுரைத் தகவல் வேறொரு டொமைனில் இருந்தால் மேலே சொன்ன நான்கும் புதிதாக நடக்க வேண்டும். மொத்தம் ஒன்பது நடை, 1.8 நொடி. நிரல் இறங்கும் நேரமும் அது ஓடும் நேரமும் இதில் சேரவில்லை. மலிவான போனில் அவைதான் பெரிய செலவு. வரைபடம், மின்னஞ்சல் போல ஒரே இடத்தில் வெகுநேரம் வேலை செய்யும் தளங்களுக்கு இந்த முறை சரி. ஒரு கட்டுரையைப் படிக்க வந்தவரை இப்படிக் காக்கவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் சர்வரே ஒவ்வொரு முறையும் பக்கத்தைக் கட்டி அனுப்பட்டுமே? இதன் வரம்பு விக்கிப்பீடியாவில் 2009 ஜூன் 25 அன்று தெரிந்தது. அங்கே பக்கத்தை சர்வர்தான் கட்டுகிறது. ஆனால் கேட்கும்போதெல்லாம் கட்டுவதில்லை; ஒருமுறை கட்டிய பிரதியை கேஷில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்து வருபவர்களுக்கு அதையே கொடுக்கிறது. யாராவது திருத்தினால் பழைய பிரதி தூக்கியெறியப்படும். அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தார். அவரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கப் பெருங்கூட்டம் வந்த அதே நேரத்தில் பலர் அதை ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிரதி காலியானது. அந்த நொடியில் வந்தவர்கள் எல்லோருக்காகவும், மேற்கோள்களும் வார்ப்புருக்களும் நிறைந்த அதே நீண்ட பக்கத்தைப் பல சர்வர்கள் ஒரே சமயத்தில் கட்டத் தொடங்கின. மற்ற கட்டுரைகளுக்கும் சர்வர் கிடைக்காமல் தளம் திணறியது.

அதற்குப் பிறகு வந்த தீர்வின் பெயர் பூல்கவுண்டர். ஒரு பக்கத்தை ஒரு சமயத்தில் மிகச் சிலர் மட்டுமே கட்டுவார்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள், அல்லது சற்றுப் பழைய பிரதியை வாங்கிக்கொள்வார்கள். கட்டிய பிரதிகளைப் படிப்பவருக்குப் பக்கத்திலேயே வைக்க விக்கிமீடியா 2018-ல் சிங்கப்பூரில் ஒரு மையத்தையும் தொடங்கியது.

கேஷையே முழுத் தளமாக்கிவிடுவதுதான் மூன்றாவது வழி. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே கட்டி, வெறும் கோப்புகளாக வைத்துவிடுவது. கேட்கும்போது கட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அன்றைய திணறல் இங்கே நேராது. சிக்கல் வெளியிடும் பக்கத்தில் இருக்கிறது. 40,000 கட்டுரைகள் கொண்ட ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கட்ட 30 மில்லிநொடி என்றால் முழுத் தளத்துக்கும் 20 நிமிடம். பக்கத்தின் அடியில் உள்ள தொலைபேசி எண் மாறினால் இந்த 20 நிமிடம் செலவாகும். எப்போதோ நடப்பதென்பதால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓரத்தில் ‘அதிகம் படிக்கப்பட்டவை’ பட்டியல் மணிக்கொருமுறை மாறுகிறதென்றால், மணிக்கொருமுறை 40,000 பக்கங்களும் பழையதாகிவிடும். அந்தப் பட்டியலை மட்டும் பக்கத்திலிருந்து பிரித்து, சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டால் பிறகு நிரப்ப வேண்டும். அது வராவிட்டாலும் கட்டுரை இருக்கும்.

எளிதில் கண்ணில் படாத இன்னொரு பொறி பட்டியல் பக்கங்களில் இருக்கிறது. சினிமாப் பகுதியில் 4,000 கட்டுரைகள், பக்கத்துக்கு 20 வீதம் 200 பட்டியல் பக்கங்கள். புதியது முதல் பக்கத்தில் வரும்படி எண்ணிட்டிருந்தால், ஒரு புதுக் கட்டுரை வந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசித் தலைப்பும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். ஒரு கட்டுரைக்காக எல்லாப் பட்டியல் பக்கங்களையும் திரும்பக் கட்ட வேண்டும். பழையதிலிருந்து எண்ணிட்டு, மிகப் புதியதை 200 என்று வைத்தால் கடைசிப் பக்கம் மட்டுமே மாறும். மற்ற 199 பக்கங்களும் நிரந்தரம்.

கட்டுரைகள் நிறைந்த தளத்துக்கு நான் சொல்வது நடுவழி. முதலில் கேட்பவருக்காக சர்வர் கட்டட்டும், அதன் பிரதியை சி.டி.என். வைத்துக்கொள்ளட்டும். சர்வர் தன் பதிலோடு இந்த வரியை அனுப்பினால் போதும், உங்கள் சி.டி.என். இதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்:

```
Cache-Control: public, s-maxage=600, stale-while-revalidate=86400
```

பத்து நிமிடம்வரை பிரதியை அப்படியே கொடு; அதற்குப் பிறகு ஒரு நாள்வரை பழையதைக் கொடுத்துக்கொண்டே பின்னணியில் புதியதை வாங்கிவை என்று பொருள். நெக்ஸ்ட்.ஜேஎஸ் 2020-ல் 9.5 பதிப்பில் கொண்டுவந்த வசதியும் ஏறத்தாழ இதே யோசனைதான். அத்தகைய கருவிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் கட்டுரை ஒருமுறை பத்திகளாகவும், இன்னொரு முறை அடியில் `__NEXT_DATA__` போன்ற பகுதிக்குள் தகவலாகவும் இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்வதற்காக ஒரே கட்டுரை இருமுறை பயணிக்கிறது. சொடுக்க எதுவுமே இல்லாத நீண்ட கட்டுரைக்கு அந்தச் சுமை தேவையில்லை.

இந்த நடுவழிக்கும் ஒரு குறை உண்டு. அதிகம் பேர் வராத பழைய கட்டுரையில் ஒருவர் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டுத் திருத்தினால், அடுத்து வருபவருக்கும் தவறான பிரதியே போகும். அந்தப் பிரதி ஏறக்குறைய ஒரு நாள் பழையதாகவும் இருக்கலாம். ஆகவே ஆசிரியர் ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் அந்த முகவரியின் பிரதியை அழிக்கும்படி சி.டி.என்.-க்குத் தானாகவே கட்டளை போக வேண்டும். அது போகிறதா என்று பார்க்க, திருத்திய உடனே இதை ஓட்டுங்கள்:

```
curl -sI https://example.com/katturai/123 | grep -i '^age'
```

பல சி.டி.என்.கள் பிரதியின் வயதை நொடிக்கணக்கில் இந்த வரியில் சொல்லும். `age: 0` என்றோ ஒற்றை இலக்கமாகவோ வந்தால் புதிய பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. 52000 என்று வந்தால், பதினான்கு மணி நேரத்துக்கு முன் கட்டிய, அந்தத் தவறான பெயருள்ள பக்கத்தைத்தான் வாசகர் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறார்.