சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி

நீரிழிவைப் பற்றி மக்களிடம் பேசப் பயன்படும் பட அட்டைத் தொகுப்பு எளிமையான பொருள்தான். பத்துப் பன்னிரண்டு கெட்டி அட்டைகளைச் சுருள் கம்பியில் கோத்து, மேசை நாட்காட்டியைப் போல நிமிர்த்தி வைக்கும்படி செய்திருப்பார்கள். பார்ப்பவரின் பக்கம் படம் இருக்கும். சொல்பவரின் பக்கம் அவர் சொல்ல வேண்டிய நான்கைந்து வரிகள் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்பு வராந்தாவிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் வீட்டுத் திண்ணையிலும் இதை வைத்துப் பேசலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரையோடு நாலு வார்த்தை சொல்லவும் அங்கே வாய்ப்பு இருக்கிறது. அந்த நாலு வார்த்தையைச் சரியாகப் பதிய வைக்கவும் தவறாகப் பதிய வைக்கவும் படத்தால் முடியும்.

இத்தகைய தொகுப்புகளில் அடிக்கடி காணப்படும் படம், சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. வரைவதற்குச் சுலபம், பார்த்ததும் புரியும். ஆனால் அதிகக் குழப்பம் விளைவிப்பதும் இதுதான். இதைப் பார்ப்பவர் டீயில் சர்க்கரையை நிறுத்துகிறார். அதோடு தன் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார். சிலர் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ தேனுக்கோ மாறுகிறார்கள். படத்தில் இருப்பது வெள்ளைச் சர்க்கரை மட்டுமே என்பதால் இந்த முடிவில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உடலுக்குள் போனால் இவை எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றுகின்றன.

உண்மையான கணக்கு சோற்றில் இருக்கிறது. ஒரு கப் சோறு ஏறக்குறைய 150 கிராம். அதில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. மதியம் மூன்று கப் சாப்பிடுபவரின் உடலுக்குள் 125 கிராம் அளவுக்கு மாவுச்சத்து போகிறது. செரித்த பின் அது குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம் என்று கொண்டால், இரண்டு ஸ்பூன் போட்ட டீயை நாளுக்கு இரண்டு தடவை குடிப்பவர் அதை விடுவதால் குறைவது 20 கிராம். டீயில் சர்க்கரையை விட்டது நல்லதுதான். ஆனால் மூன்று கப்பை ஒன்றரைக் கப் ஆக்கினால் ஒரே வேளையில் அறுபது கிராமுக்கு மேல் குறைகிறது. இதனால்தான் முதல் அட்டையில் வர வேண்டியது சர்க்கரைக் கிண்ணமல்ல, சாப்பாட்டுத் தட்டு.

தட்டை எப்படி வரைவது என்பதிலும் சிக்கல் உண்டு. பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. வெளிநாட்டுப் படங்களில் இது கோடு கிழித்த வட்டமாக இருக்கும். அதற்குள் பிராக்கோலியும் ரொட்டித் துண்டும் இருக்கும். நம் தட்டில் நடப்பது வேறு. சோறு நடுவில் குவியும், அதன் மேல் குழம்பு ஊற்றப்படும், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி விழும். மேலிருந்து பார்த்து வரைந்த தட்டையான படத்தில் சோற்றுக் குவியலின் உயரம் தெரியாது. கால் பங்கு இடத்தில்தானே இருக்கிறது என்று மலைபோல் குவித்துக்கொண்டாலும் படத்தின்படி அது சரியாகிவிடும். ஆகவே எவர்சில்வர் தட்டைப் பக்கவாட்டுக் கோணத்தில், சோறு தட்டையாகப் பரவி இருக்கும்படி வரைவது நல்லது. பரிமாறும் வரிசையையும் காட்டலாம்: முதலில் கீரையோ அவரைக்காயோ சுரைக்காயோ தட்டின் பாதியை நிரப்பட்டும், சோறு அதற்குப் பிறகு வரட்டும். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் காய் பக்கத்தில் சேராமல் சோற்றின் பக்கத்தில் இருக்க வேண்டும். கேழ்வரகில் அரிசியைவிட நார்ச்சத்து அதிகம் என்றாலும் மாவுச்சத்து அவ்வளவு குறைவில்லை. கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதனால் கேழ்வரகுக்கும் சோற்றின் அளவேதான்.

சர்க்கரையின் அளவைச் சொல்லும் அட்டையில் எண்களை இறைக்கத் தேவையில்லை. நோய் இருக்கிறதா என்று கண்டறியும் எண் வேறு, மருந்து எடுப்பவர் எட்ட வேண்டிய எண் வேறு. இரண்டையும் ஒரே அட்டையில் போட்டால் எதுவும் நிற்காது. மருந்தில் இருப்பவருக்கு வெறும் வயிற்றில் 130க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் என்ற இரண்டு வரி போதும். முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார் என்பதைச் சொல்பவரின் பக்கத்தில் குறித்து வைக்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறத்தை மட்டும் நம்பி அமைத்த அட்டை, யாராவது ஒருவர் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்ததும் பயனற்றுப் போகிறது. ஜெராக்ஸ் எடுக்காத அலுவலகம் ஏது!

பெருக்கல் குறியின் முழு ஆபத்தும் ‘லோ சுகர்’ அட்டைக்கு வரும்போதுதான் வெளியே தெரிகிறது. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு வருவது அரிது. விவசாயக் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். அவசரத்தில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி வயலுக்குப் போய்விடுகிறார். பழைய சோற்றைப் பத்தரை மணிக்குச் சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, வெயிலும் உழைப்பும் மிச்சமிருக்கும் சர்க்கரையை இழுக்கின்றன. பத்து மணிக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்தில் இருப்பவர் வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார். இனிப்புக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றினாலும், சுகர்காரருக்குச் சர்க்கரை ஆகாது என்று படம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறது.

வயலில் வியர்வை அடையாளமாகாது, எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. எனவே வியர்த்த முகத்தை மட்டும் வரைந்த அட்டை இங்கே உதவாது. நடுங்கும் கையில் தளும்பும் டம்ளரையும், தடுமாறும் நடையையும் வரைய வேண்டும். அடுத்த படத்தில் சர்க்கரை வர வேண்டும், இம்முறை பெருக்கல் குறி இல்லாமல்: மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில். கொழுப்பு கலந்த சாக்லேட்டும் பிஸ்கட்டும் மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும் என்பதால் முதலில் சர்க்கரைத் தண்ணீர்தான். பதினைந்து நிமிடம் காத்திருந்து, கருவி இருந்தால் பரிசோதித்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தாலோ அறிகுறி போகாவிட்டாலோ அதே அளவை மறுபடி கொடுக்க வேண்டும். தேறியதும் சாப்பாடு. நினைவில்லாமல் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். இதற்குத் தனி அட்டை தேவை. ‘சர்க்கரைத் தண்ணீர் கொடு’ என்ற படத்துக்குப் பக்கத்திலேயே ‘கொடுக்காதே’ என்று போட்டால் பதற்றத்தில் எது நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. மாத்திரை அட்டையில் சூரியன், நிலா படங்களோடு மாத்திரைக்குப் பக்கத்தில் இட்லித் தட்டையும் சேர்த்து வரைந்தால், இந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது பலருக்கு நேராமல் இருக்கும்.

காலைப் பற்றிய அட்டைதான் அச்சமூட்டும் ஆசையை ஓவியரிடம் அதிகமாகத் தூண்டுவது. கறுத்து அழுகிய விரல், வெட்டி எடுத்த பாதம் என்று வரைந்துவிடுவார்கள். அதைப் பார்த்தவர் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார். தன் காலில் சின்னப் புண் வந்தாலும் ‘காலை எடுத்துவிடுவார்கள்’ என்ற பயத்தில் அதை மறைக்கவும் கூடும். நாள்பட்ட நீரிழிவில் பாத நரம்பு மரத்துப்போவதால் முள் குத்துவதோ செருப்பு உரசுவதோ தெரியாது. வலி இல்லாததால் புண் கவனிக்கப்படாமல் வளர்கிறது. மரத்துப்போன கால் தொடர்ந்து காயப்படுவதால்தான் அழிகிறது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் ஆராய்ந்து காட்டினார். அந்தப் பாடம் பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்தியது. மென்மையான அடிப்பகுதி கொண்ட எம்.சி.ஆர். செருப்பை இன்று இரு நோய்க்காரர்களும் அணிகிறார்கள்.

ஆகவே இந்த அட்டையில் புண்ணைவிடப் பார்க்கும் செயலே தெரிய வேண்டும். இரவு விளக்கடியில் ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்து விரலிடுக்கை விரித்துப் பார்க்கிறார். குனிய முடியாத பாட்டியின் உள்ளங்காலைப் பேத்தி பார்க்கிறாள். செருப்பைப் போடும் முன் உதறி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பது இன்னொரு படம். வெந்நீரில் காலை வைப்பதும் ஆணியைப் பிளேடால் சீவுவதும் கூடாது என்பதைச் சொல்லால் சொன்னால் போதும்.

அட்டை அச்சுக்குப் போகும் முன் அதைச் சோதித்தாக வேண்டும். எழுத்தை மறைத்துவிட்டு, ஊரில் பத்துப் பேரிடம் தனித்தனியே காட்டி ‘இதில் என்ன நடக்குது?’ என்று கேட்க வேண்டும். ‘புரியுதா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். விரலிடுக்கைப் பார்க்கும் படத்தை ‘கால் அமுக்கிவிடுறாங்க’ என்று பாதிப் பேர் சொன்னால் தவறு படத்தில்தான். திண்ணையில் காட்டும்போதும் இதே முறைதான்: அட்டையைத் திருப்பிய பின், ‘நாளைக்கு வயல்ல கை நடுங்கினா என்னம்மா செய்வீங்க?’ என்று கேட்டு அவர் வாயால் பதில் வர வைக்க வேண்டும்.

கடைசி அட்டைக்குப் படம் அதிகம் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை கண், சிறுநீர், பாதம் ஆகிய மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்ற வரியும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையும் அங்கே சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் கிழமையையும் பேனாவால் எழுதிக்கொள்ள ஒரு வெற்றிடமும் போதும். அந்த இடத்தை நிரப்பிய பிறகே தொகுப்பைத் தன்னார்வலரிடம் கொடுக்க வேண்டும்.