முதல் சம்பளம் விழ வேண்டிய கணக்கு

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு முதல் மாதத்தில் இரண்டு அட்டைகள் கைக்கு வர வேண்டும். ஒன்று வொர்க் பெர்மிட், இன்னொன்று ஏடிஎம் கார்டு. முன்பு சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய இருந்தன. குறைத்துக் கொடுத்தால் கேட்க ஆதாரம் இருக்காது. 2020 முதல், டார்மிட்டரியில் தங்கும் வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு மின்னணு முறையில்தான் சம்பளம் போட வேண்டும் என்று விதி வந்தது. அதனால் கணக்கு தாமதமானால் சம்பளமும் தடுமாறும்.

கேட்கப்படும் காகிதங்கள் அதிகமில்லை. பாஸ்போர்ட், வொர்க் பெர்மிட் அல்லது அது கிடைக்கும் முன் மனிதவள அமைச்சு தரும் ஐபிஏ கடிதம், தங்குமிட முகவரி, உள்ளூர் செல்போன் எண், அவ்வளவுதான். பெரும்பாலும் கம்பெனியே பல பேருக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடும். ‘பேரோல்’ எனப்படும் சம்பளக் கணக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் மாதாமாதம் கட்டணம் பிடிப்பார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சமில்லாமல் நிற்பவருக்கு அதுவும் பாரம்தான்.

காகிதம் எல்லாம் இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். புதுக்கோட்டையிலிருந்து போன கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, ‘சர்நேம்’ இடத்தில் சுப்பிரமணியனும் ‘கிவன் நேம்’ இடத்தில் கார்த்திக்கும் அச்சாகியிருக்கின்றன. கம்பெனி குமாஸ்தா வங்கிப் படிவத்தில் ‘கார்த்திக் எஸ்’ என்று அடித்துவிடுகிறார். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற வங்கிக்கு அப்படி இல்லை. படிவம் திரும்புகிறது, அதற்குள் சம்பள நாள் வந்துவிடுகிறது.

இதைத் தடுக்கும் இடம் வங்கி அல்ல, ஊரிலேயே கைக்கு வரும் ஐபிஏ கடிதம். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விமானம் ஏறும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்போர்ட் எண்ணையும், பிறந்த தேதியையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். பிழை இருந்தால் பெர்மிட் அட்டை அச்சாகும் முன்பே கம்பெனியிடம் சொல்லித் திருத்தச் சொல்ல வேண்டும். அட்டையும் தப்பாக வந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும். கடிதத்தைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது முகவரி. கார்டும் பின் நம்பரும் தனித்தனி உறைகளில் தபாலில் வருவதுண்டு. ஆயிரக்கணக்கானோர் தங்கும் டார்மிட்டரியில் பிளாக் எண்ணும் அறை எண்ணும் விட்டுப்போனால் உறை எங்கேயாவது தேங்கிவிடும். செல்போன் எண்ணும் இப்படித்தான். சிம் வாங்காததால் அவசரத்துக்கு நண்பரின் எண்ணைக் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி ஒவ்வொரு முறையும் அவர் போனுக்கே போகும். அவர் வேறு டார்மிட்டரிக்கு மாறிவிட்டால் உங்கள் பணத்தை நீங்களே ஆப்பில் பார்க்க முடியாது. முதலில் உங்கள் பெயரில் சிம், பிறகு கணக்கு என்ற வரிசைதான் நல்லது.

கார்டு வந்ததும் “நானே பத்திரமா வச்சுக்கிறேன் தம்பி” என்று சூப்பர்வைசர் சொன்னால் கொடுக்காதீர்கள். கார்டும் பின் நம்பரும் இன்னொருவர் கையில் இருந்தால், சம்பளம் முழுதாகப் போட்டதாகக் கணக்கு காட்டிவிட்டு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கணக்கை வாடகைக்குக் கேட்கிறவர்களும் உண்டு. “சும்மா கிடக்கிற அக்கவுண்ட்தானே, காசு தரேன்” என்பார்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். சிறைக்கும் போக நேரலாம்.

சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு 14 நாள். முதல் தொகை விழுந்ததும் சம்பளச் சீட்டு, ஐபிஏ, வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். தொகை ஒத்துவராவிட்டால் அந்த மாதமே கேளுங்கள். வங்கிப் பதிவு கையில் இருக்கும்போது உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பும்போது கடைசிச் சம்பளம் விழுந்ததைப் பார்த்து, பணத்தை அனுப்பி, கணக்கை அங்கேயே மூடிவிடுங்கள். சிங்கப்பூர் சிம் செயலிழந்த பிறகு ஓடிபி வராது, மிச்சம் கிடக்கும் சில வெள்ளியை எடுப்பதற்குப் புதுக்கோட்டையிலிருந்து வழி தேடிக்கொண்டிருக்க வேண்டும்.