ராயல்டி கடிதத்தை எப்படிப் படிப்பது?

ஆண்டுக் கணக்கு முடிந்ததும் பதிப்பகம் எழுத்தாளருக்கு ராயல்டி கணக்கோடு ஒரு முகப்புக் கடிதமும் அனுப்ப வேண்டும். காசோலையின் தொகை எப்படி வந்தது என்பதை விளக்குவதே அதன் வேலை.

ஓர் உதாரணம். 250 ரூபாய் விலையில் ஒரு நாவல் 1,000 பிரதி அச்சானது. கடைகளுக்குப் போனவை 412. விற்காமல் திரும்பியவை 37. ஆக, விற்பனை 375. ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 25 ரூபாய், மொத்தம் 9,375. ஏற்கெனவே கொடுத்த முன்பணம் 5,000 கழிந்து கைக்கு வருவது 4,375 ரூபாய்.

சிக்கல் பெரும்பாலும் அந்த 10 சதவீதத்தில்தான் இருக்கிறது. அட்டை விலையில் 10 சதவீதமா, கழிவு போகப் பதிப்பகத்துக்கு வந்த தொகையிலா? கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்திருந்தால் பிரதிக்கு 15 ரூபாய்தான். மொத்தம் 5,625 ஆகச் சுருங்கிவிடும். ஒப்பந்தத்தில் எது இருக்கிறதோ அதைக் கடிதம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாத கடிதத்தை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து.

வருமான வரிப் பிடித்தம் இந்தச் சிறு தொகைக்கு வராது. ஒரே பதிப்பகம் தரும் ராயல்டி ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். அதற்கான வரிப் பிடித்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

விற்பனை எண் சரிதானா? இருப்பைக் கேளுங்கள். விற்றவை 375, இலவசப் பிரதிகள் 25 என்றால் கிடங்கில் 600 இருக்க வேண்டும். குறைந்தால், அவை எங்கே போயின என்று எழுத்தில் விளக்கம் கேட்கலாம்.